ட்ரெண்டிங் ஆடியோவைத் தொடும் முன் அதன் பக்கத்தைப் படியுங்கள்

புதிதாக ரீல்ஸ் போடத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: "ட்ரெண்டிங் ஆடியோ போடு, வியூஸ் தானா வரும்." இதில் பாதிதான் உண்மை. சில வீடியோக்களை ஆடியோ நிஜமாகவே தூக்கிவிடுகிறது. வேறு சிலவற்றை, அந்த ஆடியோ இல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பார்வையாளர்களையும் சேர்த்துத் துரத்திவிடுகிறது. உங்கள் வீடியோ இதில் எந்த வகை என்பதைப் போடுவதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஆடியோ எந்த வழியாக ஆளைக் கொண்டுவருகிறது

இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை.

முதல் வழி ஆடியோ பக்கம். ரீலின் கீழே ஓடும் ஆடியோ பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அதே ஆடியோவை வைத்து எடுத்த வீடியோக்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். டிக்டாக்கில் வலது கீழ்மூலையில் சுழலும் வட்டைத் தட்ட வேண்டும், யூடியூப் ஷார்ட்ஸிலும் இதே மாதிரி ஒரு பக்கம் உண்டு. நீங்கள் அந்த ஆடியோவைப் பயன்படுத்தினால் உங்கள் வீடியோவும் அந்தப் பக்கத்தில் சேரும். ஆனால் மேலே தெரிவது பெரும்பாலும் நன்றாக ஓடிய வீடியோக்கள்தான். லட்சம் வீடியோ இருக்கும் பக்கத்தில் புதிதாகப் போட்ட ஒன்றை யாரும் தேடி இறங்கிவந்து பார்க்கப்போவதில்லை.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவு செய்யும்போது, அதில் என்ன ஆடியோ இருக்கிறது என்பதையும் இந்தத் தளங்கள் ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. 2020-இல் டிக்டாக் தன் பரிந்துரை முறையை விளக்கியபோது தலைப்பு வரி, ஹேஷ்டேக் இவற்றோடு ஆடியோவையும் சேர்த்தே சொன்னது. இன்ஸ்டாகிராமின் விளக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒரு ரீலை ஒருவருக்குக் காட்டலாமா என்று கணிக்கும்போது, அவர் அதை முழுதாகப் பார்ப்பாரா, லைக் போடுவாரா, யாருக்காவது அனுப்புவாரா என்பதோடு, ஆடியோ பக்கத்துக்குப் போவாரா என்பதையும் கணிப்பதாக அது சொல்கிறது. ஆடியோ பக்கத்துக்குப் போகிறவர், தானும் ஒன்று எடுக்கத் தூண்டப்பட்டிருக்கலாம் என்பது காரணம்.

இதிலிருந்து நமக்கு ஒன்று தெரிகிறது. ஆடியோ உங்கள் வீடியோவை முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்பதற்கு ஒரு துப்பு. அந்த முதல் ஆட்கள் பார்த்தார்களா, தள்ளிவிட்டார்களா என்பதுதான் அடுத்து எவ்வளவு பேருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆடியோ பொருத்தமாக இருந்தால் சரியான ஆட்கள் வருவார்கள். பொருந்தாவிட்டால், எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இரண்டே விநாடியில் போய்விடுவார்கள். அப்படிப் போனதும் உங்கள் கணக்கில்தான் பதிவாகும்.

முதல் வேலை: ஆடியோவைப் பிடித்து வைத்துக்கொள்வது

"இந்த வார ட்ரெண்டிங் ஆடியோ" என்று பட்டியல் போடும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் கைக்கு வருவதற்குள் அதைப் பார்த்த எல்லோரும் எடுத்து முடித்திருப்பார்கள். உங்கள் துறையில் வீடியோ போடும் இருபது முப்பது பேரைத் தொடர்ந்து பாருங்கள். ஒரே ஆடியோ இரண்டு நாளுக்குள் மூன்று முறை காதில் விழுந்தால் அதன் பெயரைத் தட்டிப் பக்கத்தைத் திறந்து, சேமித்து வைத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் ஆடியோ பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி இருந்தால் அது ட்ரெண்டிங் என்று பொருள். டிக்டாக்கின் Creative Center தளத்தில் எந்தப் பாட்டு ஏறுகிறது என்பதை வரைபடமாகவே பார்க்கலாம்.

சேமித்த உடனே பயன்படுத்த வேண்டாம். அடுத்த வேலையைச் செய்த பிறகுதான்.

ஆடியோ பக்கத்தைப் படிப்பது

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டிப் போனவன்தான், அதற்கு விலையும் கொடுத்தேன். என் பழைய ஆசிரியர் ஒருவருக்கு நன்றி சொல்லி ஒரு சின்ன வீடியோ செய்தேன். பழைய புகைப்படம், இப்போதைய புகைப்படம், நடுவில் இரண்டு வரி. மெல்லிய பியானோ ஆடியோ ஒன்று அப்போது ஏறிக்கொண்டிருந்தது. கேட்க இதமாக இருந்தது, போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முதல் கமெண்ட்: "ஐயா எப்போது காலமானார்?" அதற்குப் பிறகு வரிசையாக இரங்கல் செய்திகள். பதறிப்போய் ஆடியோ பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே இருந்த அத்தனை வீடியோவும் இறந்துபோனவர்களை நினைத்துப் போட்டவை. ஆசிரியர் நலமாக இருக்கிறார். அவர் குடும்பத்தில் யார் கண்ணிலாவது படுவதற்குள் வீடியோவை நீக்கினேன். அன்றிலிருந்து பக்கத்தைப் படிக்காமல் எந்த ஆடியோவையும் தொடுவதில்லை.

பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்? எத்தனை வீடியோ என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அது முக்கியம்தான், ஆனால் எண் மட்டும் போதாது. என் அனுபவத்தில் சில ஆயிரம் வீடியோக்கள் இருக்கும் கட்டம் நல்ல கட்டம். பல லட்சம் ஆகிவிட்டால் மக்கள் அதைக் கேட்டுச் சலித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதைவிடப் பயனுள்ள கேள்வி, அந்த எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. இன்று பார்த்து எண்ணைக் குறித்து வையுங்கள், நாளை அதே நேரம் மறுபடி பாருங்கள். 3,000 இருந்தது 5,000 ஆகியிருந்தால் ஏறுகிறது. 2,40,000 இருந்தது 2,41,000 ஆகியிருந்தால் ஏற்றம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே தெரியும் வீடியோக்கள் எப்போது போட்டவை என்பதையும் பாருங்கள். எல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பு போட்டவை என்றால் அலை போய்விட்டது.

அடுத்து, மேலே உள்ள பத்துப் பதினைந்து வீடியோக்களை ஒலியோடு முழுதாகப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி ஏதாவது செய்கிறார்களா? முன்பு, பின்பு என்று காட்டுகிறார்களா? யாரையாவது கேலி செய்கிறார்களா? சோகமா? ஆடியோவின் எந்த இடத்தில் காட்சி மாறுகிறது? அந்த ஆடியோவைக் கேட்டதும் பார்வையாளர் மனதில் எழும் எதிர்பார்ப்பு இங்கேதான் உருவாகியிருக்கிறது. வேற்றுமொழிப் பாட்டு என்றால் வரிகளின் பொருளையும் தேடிப் பாருங்கள். துள்ளலான மெட்டுக்குள் குழந்தைகள் கேட்கக்கூடாத வார்த்தை இருக்கலாம்.

கடைசியாக, ஆடியோவின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள். ஒரு பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் இருந்தால் அது தளத்தின் இசை நூலகத்திலிருந்து வந்தது. யாரோ ஒருவரின் கணக்குப் பெயரில் "Original audio" என்று இருந்தால், அவர் பேசியதோ, எங்கிருந்தோ எடுத்துப் போட்டதோ. இரண்டாவது வகை எந்த நேரமும் மறையலாம். ஒரே பாட்டு பத்துப் பேர் பெயரில் பத்துப் பக்கங்களாகச் சிதறிக் கிடப்பதும் உண்டு. அப்போது நூலகத்தில் இருக்கும் பக்கத்தையே எடுங்கள்.

உங்களுக்கு அதைப் பயன்படுத்த உரிமை இருக்கிறதா

பொழுதுபோக்குக்காகத் தனிக்கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ஆப்பில் கிடைக்கும் பாட்டுகளைப் பெரும்பாலும் போடலாம். ஆனால் ஒரு பொருளையோ சேவையையோ விற்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காக மாற்றியவுடன் பல பிரபலப் பாட்டுகள் காணாமல் போவதைப் பார்த்து "ஆப் கெட்டுப்போச்சு" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போகவில்லை. பாட்டு நிறுவனங்களோடு தளங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் தனிமனிதர்களின் பயன்பாட்டுக்கானது, விளம்பரத்துக்கானது அல்ல. அதனால்தான் வணிகக் கணக்குகளுக்கு டிக்டாக்கில் தனி இசை நூலகம் இருக்கிறது. மெட்டாவும் உரிமைப் பிரச்சினை இல்லாத இசைத் தொகுப்பு ஒன்றைத் தருகிறது. பதிப்புரிமை உள்ள பாட்டைப் போட்ட ரீலைப் பணம் கட்டி பூஸ்ட் செய்யப் போனாலும் தளம் அனுமதிக்காது.

தனிக்கணக்கிலிருந்து விற்பனை வீடியோ போட்டால் பிடிபடாது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 2021-இல் பேங் என்ற எனர்ஜி பானத்தின் நிறுவனம் மீது யுனிவர்சல் மியூசிக் வழக்குப் போட்டது. டிக்டாக் வீடியோக்களில் பாட்டுகளை விளம்பரமாகப் பயன்படுத்தியதுதான் குற்றச்சாட்டு. தளத்தின் நூலகத்திலேயே இருந்த பாட்டுகள்தானே என்ற வாதம் எடுபடவில்லை. 2022-இல் தீர்ப்பு அந்தப் பான நிறுவனத்துக்கு எதிராக வந்தது.

உரிமை இருந்தாலும் அது நிரந்தரம் என்று நினைக்க முடியாது. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் டிக்டாக்கோடு பேச்சுவார்த்தை முறிந்து யுனிவர்சல் தன் பாட்டுகளை விலக்கிக்கொண்டது. ஏற்கெனவே போட்டிருந்த வீடியோக்கள் ஊமையாயின. மே மாதத் தொடக்கத்தில் புது ஒப்பந்தம் வரும்வரை அதே நிலைதான். அதனால், ஆடியோ சேர்க்காத மூல வீடியோவை எப்போதும் தனியாகச் சேமித்து வையுங்கள். ஒருநாள் வீடியோ மியூட் ஆனால் வேறு ஆடியோ வைத்து மறுபடி போட அந்தப் பிரதி வேண்டும்.

வீடியோவை ஆடியோவோடு சேர்க்கும் முறை

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வெளியே ஒரு எடிட்டிங் ஆப்பில் பாட்டையும் சேர்த்து எடிட் செய்து, முழு வீடியோவாக ஏற்றிவிடுகிறார்கள். பல நேரம் தளம் அதை உங்கள் சொந்த ஆடியோவாக எடுத்துக்கொள்ளும், உங்கள் பெயரிலேயே புதுப் பக்கம் உருவாகும். நீங்கள் குறிவைத்த ட்ரெண்டிங் பக்கத்தில் வீடியோ சேரவே சேராது. பாட்டைத் தளம் அடையாளம் கண்டுகொண்டால் மியூட் செய்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதாவது பயன் இல்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது.

சரியான வழி இதுதான். வெளியில் எடிட் செய்யும்போது பாட்டை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பீட் விழும் இடத்தில் காட்சியை வெட்டி முடித்த பிறகு, பாட்டுத் தடத்தை நீக்கிவிட்டு வீடியோவை மட்டும் சேமியுங்கள். அப்புறம் இன்ஸ்டாகிராமில் ஆடியோ பக்கத்தைத் திறந்து Use audio அழுத்தி, அந்த வீடியோவை உள்ளே கொண்டுவாருங்கள். பாட்டின் எந்த விநாடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அலைவடிவக் கோட்டை இழுத்துச் சரிசெய்யலாம். நீங்கள் எடிட் செய்தபோது வைத்த அதே தொடக்கத்தை வையுங்கள். கால் விநாடி தவறினாலும் கண்ணுக்குத் தெரியும். முன்னோட்டத்தை ஹெட்ஃபோனோடு மூன்று முறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒரே ஆடியோ, இரண்டு வீடியோ

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். பென்சில் ஓவியம் வரையும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவர் தேர்ந்தெடுத்த ஆடியோ முதல் 7 விநாடிக்கு மெதுவாகப் போகும், 7-வது விநாடியில் பறை அடித்த மாதிரி பீட் விழும். பக்கத்தில் உள்ள எல்லா வீடியோவிலும் அந்த இடத்தில் ஏதோ ஒன்று வெளிப்படுகிறது: மூடியிருந்த துணி விலகுகிறது, இருட்டறையில் விளக்கு எரிகிறது.

முதல் வீடியோ 13 விநாடி. தொடக்கத்தில் காகிதத்தில் சாம்பல் நிறத் தீற்றல்கள் மட்டும், மிக நெருக்கத்தில். கை ஓடுகிறது, என்ன வரைகிறார் என்று தெரியவில்லை. 7-வது விநாடியில் கேமரா பின்வாங்குகிறது. அந்தத் தீற்றல்கள் ஒரு முதியவரின் கன்னச் சுருக்கங்கள்! முகம் முழுதாகத் தெரிகிறது. ஆடியோ கொடுத்த எதிர்பார்ப்பை வீடியோ நிறைவேற்றுகிறது. பார்த்தவர்களில் பலர் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், முதல் 7 விநாடியில் எதைத் தவறவிட்டோம் என்று கண்டுபிடிக்க.

இரண்டாவது வீடியோ 40 விநாடி. கண்ணுக்கு நிழல் போடுவது எப்படி என்று அவர் தன் குரலில் சொல்லித்தருகிறார். நல்ல பாடம். ஆனால் முதல் வீடியோ ஓடிய உற்சாகத்தில் அதே ஆடியோவைக் குரலுக்கு அடியில் போட்டுவிட்டார். "2பி பென்சிலைப் படுக்கவைத்துப் பிடிச்சு…" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடு வாக்கியத்தில் பீட் விழுகிறது. பென்சில் எப்படிப் பிடிப்பது என்ற அந்த முக்கியமான சொல்லே காதில் விழவில்லை. வெளிப்பாட்டை எதிர்பார்த்தவர்கள் 8-வது விநாடியில் போய்விட்டார்கள். வரையக் கற்க வந்திருக்க வேண்டியவர்களுக்கு இது சரியாகப் போய்ச்சேரவே இல்லை.

இது எப்படித் தெரியும்? யூடியூபிலும் டிக்டாக்கிலும் எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு இருக்கிறது. முதல் இரண்டு விநாடியில் கோடு செங்குத்தாக விழுந்தால் தொடக்கக் காட்சியில்தான் குறை, ஆடியோவைக் குற்றம் சொல்லாதீர்கள். பீட் விழும் இடத்தை ஒட்டி ஒரு பள்ளம் இருந்தால், ஆடியோ ஏற்படுத்திய எதிர்பார்ப்பு ஏமாந்திருக்கிறது. பார்வையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற பகுதியையும் பாருங்கள். யூடியூபில் Sound pages என்று தனியாகவே வரும், டிக்டாக்கிலும் ஆடியோ வழியாக வந்தவர்கள் தனியாகத் தெரிவார்கள். நான் பார்த்தவரை இந்த எண் சிறியதாகத்தான் இருக்கும், பெரும்பகுதி பரிந்துரை வழியாகவே வரும். அது சிறியதாக இருப்பதை மட்டும் பார்த்து ஆடியோ வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன இரண்டாவது வழி தனிக் கணக்காக எங்கும் காட்டப்படுவதில்லை.

குரலுக்கு அடியில் மெல்ல ஒலிக்கவிடும் தந்திரம்

பேசும் வீடியோவுக்கு அடியில், ட்ரெண்டிங் ஆடியோவை 1 அல்லது 2 சதவீத ஒலியில், காதில் விழாத அளவுக்கு வைத்துவிட்டால் அந்தப் பக்கத்திலும் இடம்பெறலாம் என்பது பரவலான தந்திரம். பக்கத்தில் இடம்பெறும், அது உண்மை. ஆனால் அங்கிருந்து வரும் ஆள் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தவர். அவருக்கு உங்கள் பேச்சு கேட்கும், பாட்டு கேட்காது. ஏன் தங்குவார்? அதோடு, பாட்டின் உரிமைப் பிரச்சினை ஒலி குறைவாக இருப்பதால் போய்விடாது. பாட்டு நீக்கப்பட்டால், காதில் விழாத அந்தப் பாட்டுக்காக உங்கள் பேச்சும் சேர்ந்து மியூட் ஆகலாம். எனக்கு இந்தத் தந்திரத்தில் நம்பிக்கை இல்லை. பேச்சுக்குப் பின்னணி வேண்டும் என்றால் வரிகளோ திடீர் பீட்டோ இல்லாத, சீரான இசையை எடுங்கள். குரல் 100, இசை 10 முதல் 15 என்று வைத்து, போனின் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும் குரல் ஸ்பீக்கரில் அமுங்கிப்போவது உண்டு.

பாடம் சொல்லும் வீடியோக்களுக்கு என் விருப்பம் சொந்தக் குரல் மட்டும்தான். கணக்கு பொதுக் கணக்காக இருந்தால், நீங்கள் பேசியதே ஒரு ஆடியோவாகி அதற்கென ஒரு பக்கம் பிறக்கும். பூட்டிய கணக்கில் இது நடக்காது. உங்கள் வாக்கியம் ஒன்றை வேறு யாராவது எடுத்து வீடியோ செய்தால், அவர் வீடியோவைப் பார்த்தவர்கள் ஆடியோ பெயரைத் தட்டி உங்களிடம் வந்துசேர்வார்கள். அப்படி எடுக்க வசதியாக, வீடியோவில் ஒரு இடத்திலாவது தனியாக நிற்கும் வாக்கியம் ஒன்று இருக்கட்டும், அதன் பின்னணியில் வேறு எந்த இசையும் வேண்டாம். "Original audio" என்று பொதுப்பெயரில் விட்டுவிடாமல், அந்த வாக்கியத்தையே ஆடியோவுக்குப் பெயராக வையுங்கள். இன்ஸ்டாகிராமில் இந்தப் பெயரை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும், அதனால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.